தொடையில் அரை மில்லி: அனாபிலாக்சிஸ் ஸ்டேஷனை எதிர்கொள்ளும் முறை

ஓஸ்கி தேர்வில் அந்த ஸ்டேஷனின் வாசலில் ஒட்டியிருக்கும் தாளில் பெரும்பாலும் மூன்று நான்கு வரிகள்தான் இருக்கும். "42 வயதுப் பெண், எடை 60 கிலோ. வலது காலில் செல்லுலைட்டிஸ். சற்று முன்பு செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் சிரை வழியே தொடங்கப்பட்டது. இப்போது மூச்சுவிடச் சிரமப்படுகிறார். உடனே கவனியுங்கள்." உள்ளே கட்டிலில் மேனிகின் படுத்திருக்கும், அல்லது நோயாளியாக நடிக்கும் ஒருவர் இருப்பார். பக்கத்தில் ஒரு செவிலியர், ஒரு தட்டில் மருந்துகள், மூலையில் மதிப்பெண் தாளுடன் தேர்வாளர்.

இந்த ஸ்டேஷனில் தோற்பவர்களில் பெரும்பாலோருக்குப் பாடம் தெரியாமல் இல்லை. எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில்தான் தடுமாறுகிறார்கள். திறன் ஆய்வகத்தில் நான் பார்த்த ஒரு பயிற்சி மருத்துவர், நோயறிதலை இருபது வினாடிகளில் சரியாகச் சொன்னார். அடுத்து அவர் கை தட்டை நோக்கிப் போனது. ஹைட்ரோகார்ட்டிசோன் புட்டியை எடுத்தார், தூளைக் கரைத்தார், செலுத்தினார். பிறகு அவில் ஊசி. பிறகு ஆக்சிஜன். அட்ரினலின் அவர் நினைவுக்கு வந்தபோது ஐந்து நிமிடம் ஓடியிருந்தது. அவர் சோம்பேறி அல்லர். வார்டில் ஒவ்வாமை என்றால் கண்ணில் பட்டதெல்லாம் இந்த இரண்டு ஊசிகள்தான். கை பழகியதைச் செய்தது.

ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஒரே ஒரு வரிசையைப் பற்றியது. அட்ரினலின் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஏன் வருகிறது, அதை எப்படிக் கையால் செய்து காட்டுவது என்பதைப் பார்ப்போம்.

சந்தேகம் எப்போது வர வேண்டும்

மருந்து சிரை வழியே போனால் எதிர்வினை நிமிடங்களில் வரும். பிரிட்டனில் அனாபிலாக்சிஸ் மரணங்களை ஆராய்ந்து பம்ஃப்ரி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, இதயம் நிற்கும் வரையான இடைநிலை நேரத்தைக் கணக்கிட்டது. உணவால் வந்தால் 30 நிமிடம், பூச்சிக் கடியால் வந்தால் 15, சிகிச்சைக்காகக் கொடுத்த மருந்தால் வந்தால் 5. நமது நோயாளி மூன்றாம் வகை. ஐந்து நிமிடத்தைத் தூள் கரைப்பதில் செலவழிப்பது என்றால் என்ன என்று இந்த எண்ணிலிருந்தே புரியும்.

மூன்று அடையாளங்களைச் சேர்த்துப் பாருங்கள். திடீரென்று தொடங்கி வேகமாக மோசமாவது ஒன்று. மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் உயிருக்கு ஆபத்தான கோளாறு இருப்பது இரண்டு. தோலில் மாற்றம் மூன்று. மூன்றாவது இல்லாமலும் அனாபிலாக்சிஸ் வரும். தெரிந்த ஒவ்வாமைப் பொருளோ, பெரும்பாலும் காரணம் என்று கருதத்தக்க பொருளோ உடலுக்குள் போன பிறகு இரத்த அழுத்தம் திடீரென்று சரிந்தால், அல்லது மூச்சிழுப்பு வந்தால், அல்லது குரல்வளை அடைத்தால் அதுவே போதும். தடிப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தோலைப் பற்றி இன்னொன்று. பாடநூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்களுடையவை. அங்கே சிவப்பு பளிச்சென்று தெரியும். நம் ஊர் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எளிதில் புலப்படாது. வார்டின் மங்கலான விளக்கில் சொல்லவே வேண்டாம். காணாக்கடித் தடிப்பு விரலுக்குத் தட்டுப்படும், ஆகவே மார்பிலும் வயிற்றிலும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். உள்ளங்கை, உதடு, கண்ணிமை ஆகியவற்றைப் பாருங்கள். "அரிக்கிறதா அம்மா?" என்று கேளுங்கள். உள்ளங்கையை அவர் சொறிந்துகொண்டிருந்தால் பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

நோயாளி சொல்லும் சொற்களையும் கவனியுங்கள். "தொண்டையில் ஏதோ அடைக்கிறது" என்பார். குரல் கரகரத்திருக்கும். வயிற்றைப் பிசைகிறது என்பார், வாந்தி எடுப்பார். சிலர் எதையும் குறிப்பிட்டுச் சொல்லாமல் "எனக்கு என்னமோ செய்கிறது டாக்டர்" என்று மட்டும் சொல்லி உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அதைப் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஊசி போட்ட மூன்றாம் நிமிடத்தில் அந்த வாக்கியம் வந்தால் அது ஓர் அறிகுறி.

தேர்வாளர் உங்களைக் குழப்ப நினைத்தால் வேகல் மயக்கத்தைக் கொண்டுவருவார். ஊசியைக் கண்டு மயங்குபவரின் நாடி மெதுவாக இருக்கும், தோல் வெளிறும், அரிப்போ மூச்சிழுப்போ இருக்காது, படுக்க வைத்தால் சீக்கிரம் தெளிவார். அனாபிலாக்சிஸில் நாடி பொதுவாக வேகமாக ஓடும், படுக்க வைத்தது மட்டும் அவரை மீட்காது. எனினும் உண்மையிலேயே பிரித்தறிய முடியவில்லை என்றால் அட்ரினலின் பக்கம் சாயுங்கள். தேவையில்லாமல் தசையில் போட்ட ஒரு சரியான அளவு சிறிது நேரப் படபடப்பைத் தரும். தேவைப்பட்டபோது போடாமல் விட்டால் திரும்பி வர வழியில்லை.

முதல் ஒரு நிமிடம்

உள்ளே நுழைந்ததும் பெயரையும் பொறுப்பையும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். நோயாளியிடம் பேசுங்கள். முழு வாக்கியமாகப் பதில் சொன்னால் மூச்சுப்பாதை இப்போதைக்குத் திறந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டே உங்கள் கை டிரிப்பின் உருளையை மூடட்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். டிரிப்பை மூடுவது மட்டும் போதாது. ட்யூப் முழுவதும் இன்னும் செஃப்ட்ரியாக்சோன் இருக்கிறது. பிறகு அதே ட்யூப் வழியாகச் சலைனை வேகமாக ஓட விட்டால், மிச்சமிருக்கும் மருந்தையும் நாமே உள்ளே தள்ளிவிடுவோம். ஆகவே ட்யூபைக் கழற்றிவிட்டு, சலைனுக்குப் புதிய செட் மாட்டச் சொல்லுங்கள். ஆனால் கேனுலாவைப் பிடுங்கிவிடாதீர்கள். இரத்த அழுத்தம் சரிந்த கையில் இன்னொரு சிரை கிடைப்பது எளிதல்ல.

அடுத்து உதவிக்கு அழைப்பு. "யாராவது வாருங்கள்" என்பது அழைப்பாகாது. "சிஸ்டர், இது அனாபிலாக்சிஸ். அவசரக் குழுவையும் மயக்கவியல் மருத்துவரையும் கூப்பிடுங்கள். அவசர மருந்துத் தள்ளுவண்டியைக் கொண்டுவாருங்கள்" என்று பெயரிட்டுச் சொல்லுங்கள். "அனாபிலாக்சிஸ்" என்ற சொல்லை உரக்கச் சொல்வதற்கே பல மதிப்பெண் தாள்களில் தனி இடம் உண்டு. அந்தச் சொல் அறையில் இருக்கும் அனைவரையும் ஒரே வேலையில் இறக்குகிறது.

பிறகு படுக்கை நிலை. தட்டையாகப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். இந்தப் பெண் மூச்சுக்குத் திணறுகிறார், உட்காரத் துடிப்பார். இரத்த அழுத்தம் தாங்கினால் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திக் கால்களை நீட்டியபடி வைக்கலாம். தொங்கும் கால்களுடன் கட்டிலின் விளிம்பில் உட்கார விடக் கூடாது. வாந்தியோ மயக்கமோ இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கர்ப்பிணி என்றால் இடப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். எழுந்து நிற்க மட்டும் யாரையும் விடக் கூடாது. அதிர்ச்சியில் இருப்பவர் திடீரென எழுந்தால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் வற்றிப்போகும். அந்த நொடியிலேயே இதயம் நின்றுபோன நிகழ்வுகளை அதே பம்ஃப்ரி 2003இல் பதிவு செய்திருக்கிறார்.

இவ்வளவும் எழுத்தில் நீளமாகத் தெரிகிறது. செய்யும்போது முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. இரத்த அழுத்தப் பட்டை கட்டி எண் வரும் வரை, ஈசிஜி ஒட்டி முடிக்கும் வரை அட்ரினலினை நிறுத்திவைக்க வேண்டாம். அவற்றைச் செவிலியர் செய்துகொண்டிருக்கும்போதே நீங்கள் ஆம்பியூலை உடையுங்கள்.

அரை மில்லியைக் கையால் எடுப்பது

நம் மருத்துவமனைகளில் கிடைக்கும் அட்ரினலின் ஆம்பியூல் 1 மி.லி.யில் 1 மில்லிகிராம் கொண்டது. பழைய வழக்கப்படி 1:1000 என்பார்கள். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், அதாவது அந்த ஆம்பியூலில் சரிபாதி, 0.5 மி.லி. எதனுடனும் கலக்கத் தேவையில்லை.

ஆம்பியூலின் பெயரையும் செறிவையும் வாய்விட்டுப் படியுங்கள். செவிலியரிடம் காட்டி அவரையும் படிக்கச் சொல்லுங்கள். 2 மி.லி. சிரிஞ்சில் அரை மில்லியை மட்டும் இழுங்கள். முழு ஆம்பியூலையும் இழுத்து "பாதி போட்டு நிறுத்திக்கொள்கிறேன்" என்பவர்கள் உண்டு. பதற்றத்தில் கட்டைவிரல் அந்தப் பாதியில் நிற்காது.

ஊசி நீளத்தைப் பாருங்கள். சிறிய அளவு என்பதால் இன்சுலின் சிரிஞ்சைத் தேடும் கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதன் ஊசி தோலுக்கடியில் நிற்கும் நீளம் கொண்டது, தசையை எட்டாது. அதன் கோடுகளும் யூனிட் கணக்கு. பெரியவர்களுக்கு 25 மில்லிமீட்டர் நீளமுள்ள 23 கேஜ் ஊசி பொருத்தம். உடல் பருமனானவருக்கு இன்னும் நீளமானது வேண்டும்.

இடம், தொடையின் நடுப்பகுதியில் முன்பக்க வெளிப்புறம். கால் முட்டிக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, கால்சட்டைப் பையின் கீழ்முனை வரும் இடத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளலாம். புடவையையோ நைட்டியையோ அந்த அளவுக்கு மட்டும் விலக்குங்கள், மற்றதைப் போர்வையால் மூடுங்கள். விலக்க நேரமில்லை என்றால் மெல்லிய துணியின் மீதே போடலாம். ஊசியைச் செங்குத்தாக, முழுதாக இறக்கிச் செலுத்துங்கள்.

தோள்பட்டையோ தோலுக்கடியோ ஏன் கூடாது? குழந்தைகளிடம் சைமன்ஸ் குழுவினர் 1998இல் அளந்து பார்த்தார்கள். தொடைத் தசையில் போட்ட அட்ரினலின் சராசரியாக 8 நிமிடத்தில் இரத்தத்தில் உச்சத்தைத் தொட்டது. தோலுக்கடியில் போட்டது 34 நிமிடம் எடுத்துக்கொண்டது. அட்ரினலின் தான் இருக்கும் இடத்தில் தோலின் குழாய்களைச் சுருக்கித் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது. தொடைத் தசையில் இரத்த ஓட்டம் தாராளம், அங்கிருந்து விரைவாக வெளியேறும்.

சிரை வழியே கொடுத்தால் இன்னும் வேகம்தானே என்ற கேள்வி எழும். கேனுலா கண் முன்னால் இருக்கும்போது அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் நாடி இருக்கும் ஒருவருக்கு இந்த ஆம்பியூலைச் சிரைக்குள் தள்ளினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், மாரடைப்பு வரலாம், மூளையில் இரத்தம் கசியலாம். இதயம் நின்றுபோனால் மட்டும் கதை வேறு. அப்போது மார்பு அழுத்தத்தைத் தொடங்கி, 1 மில்லிகிராமைச் சிரை வழியே வழக்கமான இதயமீட்பு முறைப்படி கொடுப்பார்கள். இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்குத் தேர்வாளர் கூடுதலாகவே மதிப்பார்.

"நாடி ஏற்கெனவே 128 ஓடுகிறது, அட்ரினலின் கொடுத்தால் இன்னும் ஏறாதா?" இது ஒரு மாணவி என்னிடம் உண்மையான அக்கறையோடு கேட்டது. அந்த வேகம் குழாய்கள் விரிந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிந்ததால் வந்தது. நிரப்பப்படாத இதயம் ஓடி ஓடி ஈடுகட்டப் பார்க்கிறது. அட்ரினலின் குழாய்களை இறுக்கி, மூச்சுக்குழாயைத் தளர்த்தி, ஹிஸ்டமினைக் கொட்டும் மாஸ்ட் செல்களையும் அடக்குகிறது. அழுத்தம் ஏறியதும் பெரும்பாலும் நாடி இறங்கும். இதய நோய் உள்ளவருக்கும் இந்த நிலையில் தசைவழி அட்ரினலினைத் தடுத்து வைக்கக் காரணம் கிடையாது.

போட்ட நேரத்தை உரக்கச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அடுத்த முடிவு அந்த நேரத்தைப் பொறுத்தது.

குழந்தை என்றால் கணக்கு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், உச்சம் 0.5. இந்த ஆம்பியூலில் அது கிலோவுக்கு 0.01 மி.லி. 15 கிலோ குழந்தைக்கு 0.15 மி.லி. இதற்கு 1 மி.லி. சிரிஞ்சு வேண்டும், ஆனால் தசையை எட்டும் ஊசியை மாட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிட இடைவெளியில்

இப்போதுதான் மற்றவை. ரிசர்வாயர் பை உள்ள மாஸ்க்கில் ஆக்சிஜன், பை உப்பியிருக்கும் அளவுக்கு வேகமாக, நிமிடத்துக்கு 15 லிட்டர் வரை. புதிய செட்டில் நார்மல் சலைன், 500 மி.லி. முதல் 1 லிட்டர் வரை, சொட்டாக அல்ல, பையை அழுத்தி வேகமாக. பிறகு அழுத்தத்தைப் பார்த்து மேலும். கடுமையான அனாபிலாக்சிஸில் குழாய்களில் உள்ள நீரில் மூன்றில் ஒரு பங்கு பத்து நிமிடத்துக்குள் வெளியே கசிந்துவிடக் கூடும். அட்ரினலின் மட்டும் வெற்றுக் குழாயை நிரப்பாது.

நமது நோயாளிக்குச் செவிலியர் சொல்லும் முதல் எண்கள் இவை: நாடி 128, இரத்த அழுத்தம் 78/40, மூச்சு நிமிடத்துக்கு 32, ஆக்சிஜன் செறிவு 89. ஸ்டெத்தாஸ்கோப்பில் இரு நுரையீரலிலும் மூச்சிழுப்பு. மார்பில் தடிப்புகள். ஸ்டேஷனில் இந்த எண்கள் கேட்டால்தான் கிடைக்கும். "மார்பில் கேட்கிறேன், என்ன ஒலி?" என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மனத்துக்குள் செய்த பரிசோதனைக்கு மதிப்பெண் இல்லை.

ஐந்து நிமிடம் ஆனதும் திரும்ப மூச்சுப்பாதையிலிருந்து தொடங்குங்கள். பேசுகிறார், ஆனால் இடைவிட்டு. நாடி 122, அழுத்தம் 86/50, செறிவு 95, மூச்சிழுப்பு தொடர்கிறது. சற்றே மேல். இங்கேதான் இரண்டாவது பொறி இருக்கிறது. "முன்னேறிவிட்டார்" என்று நிம்மதியடைந்து நின்றுவிடுவார்கள். 86 போதாது. இரண்டாவது 0.5 மில்லிகிராமை மற்றத் தொடையில் போடுங்கள், சலைனைத் தொடருங்கள். மூச்சிழுப்புக்குச் சால்புட்டமால் நெபுலைசர் சேர்க்கலாம், அது அட்ரினலினுக்குத் துணை மட்டுமே. குரல்வளை வீங்கி மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சொலி கேட்டால் மயக்கவியல் மருத்துவர் உடனே தலைமாட்டில் இருக்க வேண்டும்.

பத்தாம் நிமிடத்தில் நாடி 104, அழுத்தம் 108/66, செறிவு 98. முழு வாக்கியம் பேசுகிறார்.

அப்படி ஏறாமல் இருந்திருந்தால்? இரண்டு சரியான அளவுகளுக்குப் பிறகும் மூச்சோ இரத்த ஓட்டமோ தேறவில்லை என்றால் அது எளிதில் பணியாத அனாபிலாக்சிஸ். தீவிர சிகிச்சைக் குழு அட்ரினலினை நீர்த்துப் பம்ப் வழியே தொடர்ந்து கொடுக்கும். அதைத் தொடங்குவது தனியாக நிற்கும் பயிற்சி மருத்துவரின் வேலை அல்ல. அவர்கள் வரும் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தசையில் போடுவதும், சலைனைத் தொடர்வதும் உங்கள் வேலை. நோயாளி பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரா என்று கேட்டுவைத்திருங்கள். அவர்களிடம் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம், அப்போது குளுககான் உதவும்.

அந்த அவில், ஹைட்ரோகார்ட்டிசோன் விஷயத்துக்கு வருகிறேன். ஆன்டிஹிஸ்டமின் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். குரல்வளை வீக்கத்தையோ சரிந்த அழுத்தத்தையோ அது மீட்காது. சிரை வழியே வேகமாகத் தள்ளினால் அழுத்தத்தை இன்னும் இறக்கவும் கூடும். ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்காகும். பிரிட்டனின் உயிர்மீட்புக் குழுமம் 2021 வழிகாட்டியில் இரண்டையும் முதல்நிலைச் சிகிச்சையிலிருந்து விலக்கிவிட்டது. நம் ஊர் மதிப்பெண் தாள்கள் சிலவற்றில் அவை இன்னும் இருக்கலாம். தேர்வாளர் கேட்டால், "நோயாளி நிலைபெற்ற பிறகு, அரிப்புக்காக ஆன்டிஹிஸ்டமின் கொடுப்பேன், ஆஸ்துமா இருந்தால் ஸ்டீராய்டையும் எண்ணிப் பார்ப்பேன்" என்று சொல்லுங்கள். அது தாளுக்கும் பொருந்தும், நோயாளிக்கும் நல்லது.

ஒப்படைக்கும் நேரம்

மூத்த மருத்துவர் வந்ததும் கதை சொல்லாமல் வரிசையாகச் சொல்லுங்கள்: யார், எந்த மருந்து, எத்தனை மணிக்கு, என்ன அறிகுறி, அட்ரினலின் எத்தனை முறை, எந்தெந்த நேரத்தில், எவ்வளவு சலைன், இப்போதைய எண்கள். டிரிப்டேஸ் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அறிகுறி தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது, நான்கு மணியைத் தாண்டக் கூடாது. முடிவு வரும் வரை சிகிச்சை எதற்கும் காத்திருக்காது.

சில மணி நேரம் கழித்து எதிர்வினை திரும்ப வரக்கூடும். இரண்டு அளவு தேவைப்பட்டவரைக் குறைந்தது 6 மணி நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும். இரண்டுக்கு மேல் தேவைப்பட்டிருந்தாலோ கடும் ஆஸ்துமா இருந்தாலோ 12 மணி நேரம். கேஸ் ஷீட்டின் முகப்பில் மருந்தின் பெயரைச் சிவப்பில் எழுதுங்கள். "ஊசி ஒவ்வாமை" என்று எழுதினால் அடுத்த மருத்துவருக்கு எந்தப் பயனும் இல்லை. "செஃப்ட்ரியாக்சோன், அனாபிலாக்சிஸ்" என்று தேதியோடு எழுதி, அதே வரியை ஒரு சீட்டிலும் எழுதி நோயாளியிடமும் உடன் வந்தவரிடமும் கொடுங்கள். ஊசிக்கு முன் தோலில் சோதித்துப் பார்த்தார்களே என்று அவர்கள் கேட்பார்கள். அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போயும் எதிர்வினை வரலாம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது, நோயாளியாக நடிப்பவர் சில சமயம் மெல்லச் சிரித்து, "இப்போது பரவாயில்லை டாக்டர், பாத்ரூம் போய்விட்டு வந்துவிடட்டுமா?" என்று கேட்டுக் கால்களைக் கட்டிலிலிருந்து இறக்கப் பார்ப்பார். தேர்வாளரின் பேனா அப்போது தாளின் மேல் தயாராக இருக்கும். அவருடைய தோளில் கை வைத்து, "வேண்டாம் அம்மா, படுத்தே இருங்கள். சிஸ்டர், பெட்பேன் கொண்டுவாருங்கள்" என்று சொல்லுங்கள்.